விற்ற ஒவ்வொரு டாலரிலும் 51 சென்ட்: ஒரு டானிக் கம்பெனியின் விளம்பரக் கணக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்று ஒரு ஊர். அங்கே 1875இல் லிடியா பிங்கம் என்ற குடும்பத் தலைவி, வீட்டு அடுப்பில் காய்ச்சிய மூலிகை மருந்தை பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1873இல் வந்த பொருளாதார நெருக்கடியில் கணவரின் சொத்து கரைந்துபோயிருந்தது. மாதவிடாய் வலி உள்ளிட்ட பெண்களின் உபாதைகளுக்கு என்று சொல்லி விற்ற அந்த டானிக்கில் ஆல்கஹால் கணிசமாகவே இருந்தது. 1879 வாக்கில் லிடியாவின் முகத்தையே பாட்டில் லேபிளிலும் பத்திரிகை விளம்பரத்திலும் போட்டார்கள். வெண்கூந்தலும் கனிவான பார்வையும் கொண்ட அந்தப் பாட்டியின் முகம் நாடெங்கும் தெரிந்த முகமாயிற்று. அவர் 1883இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் "திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள்" என்ற விளம்பரம் நிற்கவில்லை. 1905இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறையின் புகைப்படத்தை அச்சிட்டு அந்த ஏமாற்றை அம்பலப்படுத்தியது.

மருத்துவ வரலாற்றில் இந்த டானிக்குக்குப் பெரிய மதிப்பு இல்லை. புள்ளியியல் படிப்பவர்களுக்கு மட்டும் இது விட முடியாத சரக்கு. காரணம், கம்பெனியின் கணக்குப் புத்தகம்.

நிறுவனரின் வாரிசுகள் இரண்டு கிளையாகப் பிரிந்து, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதிலேயே சண்டையிட்டு 1930களில் நீதிமன்றம் போனார்கள். சாதாரணமாக எந்தக் கம்பெனியும் வெளியே காட்டாத கணக்கு, அந்த வழக்கின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தது. 1907 முதல் 1960 வரை, 54 ஆண்டுகளின் விளம்பரச் செலவும் விற்பனையும் ஆண்டுவாரியாகக் கிடைத்தன. கிறிஸ்டியன் பால்டா என்ற ஆய்வாளர் 1964இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கணக்கை அலசினார். அன்று முதல் இன்றுவரை விளம்பர ஆய்வு வகுப்புகளில் இது புழங்கிக்கொண்டிருக்கிறது.

ஆய்வாளர்களுக்கு இது ஏன் இவ்வளவு பிடித்தது என்றால், கம்பெனியின் வியாபாரம் அவ்வளவு எளிமையானது. ஏறத்தாழ ஒரே சரக்கு. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் விற்பனைப் படை கிடையாது. அந்த டானிக்குக்கு நேர்ப் போட்டி என்று சொல்லத்தக்க சரக்கும் இல்லை. வியாபாரத்தைத் தள்ளிக்கொண்டு போன கை ஒன்றுதான், அது விளம்பரம். விளம்பரம் கூடினால் விற்பனை கூடுமா, கூடினால் எவ்வளவு என்ற கேள்வியை வேறு தொந்தரவு இல்லாமல் கேட்க இதைவிடத் தோதான இடம் அமைவது அரிது.

54 ஆண்டுகளில் கம்பெனி விளம்பரத்துக்குச் செலவிட்டது மொத்தம் 5 கோடியே 4 லட்சத்து 64 ஆயிரம் டாலர். விற்பனை 9 கோடியே 87 லட்சத்து 93 ஆயிரம் டாலர். விற்ற ஒவ்வொரு டாலரிலும் 51 சென்ட் விளம்பரத்துக்கே போயிருக்கிறது. இந்த 51 சென்ட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

இனி வரும் எண்கள் எல்லாமே ஆயிரம் டாலர் கணக்கில். 608 என்றால் 6 லட்சத்து 8 ஆயிரம் டாலர் என்று பொருள்.

முதல் வேலை படம் போடுவது. கிடைக்கோட்டில் விளம்பரம், செங்குத்துக் கோட்டில் விற்பனை என்று வைத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி. 1907இல் விளம்பரம் 608, விற்பனை 1,016. 1925இல் விளம்பரம் 1,800, விற்பனை 3,438. 54 ஆண்டிலும் உச்ச விற்பனை அதுதான். 1936இல் விளம்பரம் வெறும் 339, விற்பனை 1,103. இப்படி 54 புள்ளிகளையும் வைத்தால் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலையை நோக்கி ஒரு கூட்டம் சரிந்து ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. இதற்குச் சிதறல் விளக்கப்படம் என்று பெயர். படத்தைப் பார்க்காமல் நேராக எண்ணுக்குப் போவது ஆபத்து. ஒரே ஒரு புள்ளி எங்கோ தள்ளி நின்று மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுக்கிறதா, கூட்டம் நேராகப் போகாமல் வளைகிறதா என்பதெல்லாம் படத்தில்தான் பிடிபடும்.

கண்ணுக்குத் தெரியும் அந்த ஏற்றத்தை ஓர் எண்ணாக்கிச் சொல்வதுதான் ஒட்டுறவுக் கெழு. பள்ளிப் பாடநூல் அதை r என்று எழுதும். அது எப்படி வருகிறது என்பதைக் கடைசி ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக் கையால் போட்டுப் பார்க்கலாம். 1956 முதல் 1960 வரை விளம்பரம் முறையே 802, 770, 639, 644, 564. விற்பனை 1,657, 1,569, 1,390, 1,387, 1,289. விளம்பரத்தின் சராசரி 683.8. விற்பனையின் சராசரி 1,458.4.

இப்போது ஒவ்வோர் ஆண்டையும் சராசரியோடு ஒப்பிட வேண்டும். 1956இல் விளம்பரம் சராசரியைவிட 118.2 கூடுதல், விற்பனையும் 198.6 கூடுதல். இரண்டையும் பெருக்கினால் 23,475. 1960இல் விளம்பரம் சராசரிக்கு 119.8 குறைவு, விற்பனையும் 169.4 குறைவு. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண், ஆகவே 20,294. சூட்சுமம் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினாலும் சேர்ந்து இறங்கினாலும் விடை மிகையாக வரும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் குறையாக வரும். ஐந்து ஆண்டின் பெருக்கல்களையும் கூட்டினால் 59,208.

அந்தத் தொகை பெரிதா சிறிதா என்பது அலகைப் பொறுத்தது. டாலரிலேயே கணக்குப் போட்டிருந்தால் பத்து லட்சம் மடங்கு பெரிதாக வந்திருக்கும். அதனால் அதை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. விளம்பரத்தின் விலக்கங்களைத் தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 39,345. விற்பனையின் விலக்கங்களை அப்படிச் செய்தால் 90,147. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 59,555. மேலே உள்ள 59,208ஐ இதனால் வகுத்தால் 0.994. இதுதான் r. அது 1ஐத் தாண்டாது, –1க்குக் கீழே போகாது. 1 என்றால் எல்லாப் புள்ளிகளும் ஏறுமுகமான ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்று பொருள். 0 என்றால் நேர்கோட்டு உறவே இல்லை.

0.994 என்பதைப் பார்த்து யாரும் மலைத்துவிடக் கூடாது. ஐந்து புள்ளிகள்தான். அதிலும் அந்த ஐந்து ஆண்டுகளும் கம்பெனி தேய்ந்துகொண்டிருந்த காலம். விளம்பரமும் விற்பனையும் சேர்ந்தே சரிந்தன. காலப்போக்கில் சரிந்துகொண்டிருக்கும் எந்த இரண்டு எண்வரிசைகளை எடுத்தாலும் r பெரிதாகத்தான் வரும், அவற்றுக்குள் சம்பந்தமே இல்லாவிட்டாலும் வரும். 54 ஆண்டுகளையும் சேர்த்துப் போட்டால் r 0.843க்கு இறங்குகிறது. ஏறுமுகம், இறங்குமுகம், இரண்டு உலகப் போர், பெருமந்தம் எல்லாவற்றையும் கடந்து வந்த எண் அது. ஆகவே அதற்குத்தான் எடை அதிகம்.

ஒட்டுறவு இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்பதை மட்டுமே சொல்லும். விளம்பரத்தை இன்னும் ஆயிரம் டாலர் கூட்டினால் விற்பனை எவ்வளவு கூடும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்குக் கோடு வேண்டும்.

புள்ளிக் கூட்டத்தின் நடுவே எத்தனையோ நேர்கோடுகள் போடலாம். எது சரியான கோடு? 1805இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் வெளியிட்ட விதியே இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு கோட்டைப் போட்டு, ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று செங்குத்தாக அளக்க வேண்டும். அந்தத் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். எந்தக் கோட்டுக்கு இந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருகிறதோ அதுவே நமக்கு வேண்டிய கோடு. பாடநூலில் இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர், கிடைக்கும் கோடு தொடர்புப் போக்குக் கோடு. வர்க்கப்படுத்துவதால் ஒரு விளைவு உண்டு. சிறு தவறுகளைக் கோடு பொறுத்துக்கொள்ளும், பெரிய தவறு ஒன்று இருந்தால் அதைக் குறைக்கத் தன்னையே வளைத்துக் கொடுக்கும். தள்ளி நிற்கும் ஒரு புள்ளி கோட்டை இழுத்துவிடுவது இதனால்தான்.

நல்ல வேளையாக, ஒவ்வொரு கோடாகப் போட்டுத் தேட வேண்டியதில்லை. சாய்வுக்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறது. முன்பு கண்ட பெருக்கல்களின் கூட்டுத்தொகையை, விளம்பர விலக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். கடைசி ஐந்து ஆண்டுகளுக்கு 59,208ஐ 39,345ஆல் வகுத்தால் 1.50. 54 ஆண்டுகளுக்கும் போட்டால் 1.435. கோடு எப்போதும் இரண்டு சராசரிகளும் சந்திக்கும் புள்ளி வழியாகப் போகும். 54 ஆண்டுகளில் விளம்பரச் சராசரி 934.5, விற்பனைச் சராசரி 1,829.5. 934.5ஐ 1.435ஆல் பெருக்கி, வந்ததை 1,829.5இலிருந்து கழித்தால் மிஞ்சுவது சுமார் 488.8. ஆக, சமன்பாடு இது:

விற்பனை = 488.8 + 1.435 × விளம்பரம்

கணினியில் எக்செல் தாளில் A பத்தியில் விளம்பரத்தையும் B பத்தியில் விற்பனையையும் இட்டால் நான்கே வரியில் வேலை முடிந்துவிடும்:

```
=CORREL(A2:A55,B2:B55)
=SLOPE(B2:B55,A2:A55)
=INTERCEPT(B2:B55,A2:A55)
=RSQ(B2:B55,A2:A55)
```

முதல் வரியில் எந்தப் பத்தி முன்னே வந்தாலும் விடை ஒன்றுதான். இரண்டாம், மூன்றாம் வரிகளில் விற்பனைப் பத்தியை முன்னால் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வேறு கோடு வரும். அந்த வேறு கோடு என்ன சொல்கிறது என்பது பின்னால் முக்கியமாகப் போகிறது.

சமன்பாட்டைப் படிக்கும் விதம் இது. விளம்பரம் ஆயிரம் டாலர் கூடுதலாக இருந்த ஆண்டுகளில் விற்பனை சராசரியாக 1,435 டாலர் கூடுதலாக இருந்திருக்கிறது. 488.8 என்பது கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம். விளம்பரமே செய்யாவிட்டாலும் 4 லட்சத்து 89 ஆயிரம் டாலருக்கு விற்கும் என்று அதைப் படிக்க ஆசை வரும். அப்படிப் படிக்கக் கூடாது. 54 ஆண்டுகளில் மிகக் குறைந்த விளம்பரச் செலவு 339. அதற்குக் கீழே என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. கோட்டை அங்கே நீட்டுவது வெறும் ஊகம்.

இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. ஒரு டாலர் போட்டால் 1.435 டாலர் வருகிறது, 43 சென்ட் லாபம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வருவது விற்பனை, லாபமல்ல. பாட்டில், மூலிகை, ஆல்கஹால், கூலி, ரயில் வாடகை எல்லாம் அதற்குள்தான். 1.435 டாலர் விற்பனையில் சரக்குச் செலவு போக ஒரு டாலராவது மிஞ்சினால்தான் அந்த விளம்பரம் தன் செலவை மீட்கும். அதாவது சரக்கின் அடக்கவிலை விற்பனை விலையில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டானிக்குக்கு அது நடக்கலாம். அரிசி வியாபாரத்திலோ பெட்ரோல் வியாபாரத்திலோ நடக்காது. ஒரே சாய்வு ஒரு தொழிலில் லாபம், இன்னொன்றில் நஷ்டம்.

கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது? r ஐ வர்க்கப்படுத்தினால் 0.711. ஆர் ஸ்கொயர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆண்டுக்கு ஆண்டு விற்பனை ஏறியிறங்கியதை வர்க்கக் கணக்கில் அளந்தால், அதில் 71 சதவீதம் கோட்டோடு ஒத்துப்போகிறது, 29 சதவீதம் ஒத்துப்போகவில்லை என்று இதற்குப் பொருள். நூற்றுக்கு எழுபத்தொரு மார்க் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதைவிடப் பயனுள்ள எண், கோடு வழக்கமாக எவ்வளவு தவறுகிறது என்பது. அது சுமார் 343, அதாவது 3 லட்சத்து 43 ஆயிரம் டாலர். சராசரி ஆண்டு விற்பனையே 18 லட்சத்து 30 ஆயிரம் டாலர்தான். அடுத்த ஆண்டு விற்பனையை இந்தக் கோட்டை நம்பிச் சொல்கிறவர் 3 லட்சத்து 43 ஆயிரம் டாலர் மேலும் கீழும் தவற வாய்ப்பு உண்டு என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 71 சதவீதம் என்று கேட்டபோது வந்த நிம்மதி இந்த எண்ணைக் கேட்டதும் குறைந்துவிடுகிறது.

உண்மையில் கோட்டைவிட, கோடு தவறிய இடங்கள்தான் அதிகம் பேசுகின்றன. 1934ஐ எடுத்துக்கொள்வோம். விளம்பரம் 1,504. கோட்டின்படி விற்பனை 2,647 இருக்க வேண்டும். நடந்தது 1,770. வித்தியாசம் 877 குறைவு. 1918இல் இதற்கு நேர் எதிர். விளம்பரம் 613தான், கோடு எதிர்பார்த்தது 1,368, விற்றதோ 1,980. இப்படிக் கோட்டுக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எச்சம் என்பார்கள். நல்ல கோடாக இருந்தால் எச்சங்கள் முன்பின் ஒழுங்கில்லாமல், ஓர் ஆண்டு மேலே, ஓர் ஆண்டு கீழே என்று சிதறிக் கிடக்க வேண்டும்.

இங்கே அப்படி இல்லை. 1907 முதல் 1917 வரை பதினோரு ஆண்டும் விற்பனை கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. 1918 முதல் 1925 வரை எட்டு ஆண்டும் கோட்டுக்கு மேலே. 1928 முதல் 1935 வரை எட்டு ஆண்டும் மறுபடி கீழே. 1940 முதல் 1949 வரை பத்து ஆண்டும் மேலே. நாணயத்தைச் சுண்டினால் இப்படி வரிசையாகத் தலையும் வரிசையாகப் பூவும் விழாது. கோட்டில் இல்லாத ஏதோ ஒன்று, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ஒன்று, விற்பனையை மேலும் கீழும் தள்ளியிருக்கிறது. இந்த நிலையில் கணினி தானாக அச்சிட்டுத் தரும் நம்பக எல்லைகளை நம்ப முடியாது. 54 ஆண்டுகளையும் தனித்தனிச் சாட்சிகளாக நினைத்து அது கணக்குப் போடுகிறது. ஒரே தசாப்தத்தின் ஆண்டுகள் ஒன்றை ஒன்று பார்த்து எழுதிய விடைத்தாள்கள் மாதிரி இருக்கும்போது, சாட்சிகளின் உண்மையான எண்ணிக்கை மிகக் குறைவு.

அந்த ஏதோ ஒன்றில் ஒரு பகுதி ஊகிக்கத்தக்கது. 1914க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பானது. 1929 முதல் 1933 வரை அது கால்பங்கு அளவுக்குச் சரிந்தது, கூடவே மக்களின் வருமானமும். கணக்கு அந்தந்த ஆண்டின் டாலரில் இருப்பதால் இதெல்லாம் அப்படியே விற்பனையில் ஏறிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலையும் கூலியும் பெருகியதும் அந்தப் பத்து ஆண்டு ஏற்றத்தில் சேர்ந்திருக்கும்.

இன்னொரு பகுதி விளம்பரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. இன்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு பாட்டில் வாங்கும் பெண் அடுத்த ஆண்டும் வாங்கலாம், தங்கைக்கும் சொல்லலாம். இந்த ஆண்டின் விற்பனையில் சென்ற ஆண்டு விளம்பரத்தின் பலனும் அதற்கு முந்தைய ஆண்டின் பலனும் கலந்திருக்கின்றன. 1934க்கும் 1936க்கும் இடையில் கம்பெனி விளம்பரத்தை 1,504இலிருந்து 339க்கு வெட்டியது. குறைந்தது 1,165. கோட்டின் சாய்வு சரியென்றால் விற்பனை 1,671 குறைந்திருக்க வேண்டும். இருந்த விற்பனையே 1,770தான், கடையை மூடவேண்டிய நிலை. நடந்தது என்ன? விற்பனை 1,103க்குத்தான் இறங்கியது. சரிவு 667. வெட்டிய ஒவ்வொரு டாலருக்கும் இழந்தது 57 சென்ட். 1.435க்கும் 0.57க்கும் எவ்வளவு தூரம்! அந்த இரண்டு ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் மீண்டுகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்தான். ஆனாலும் பழைய விளம்பரங்களின் மிச்சம் விற்பனையைத் தாங்கிப் பிடித்தது என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

பால்டா செய்தது இதைத்தான் கணக்குக்குள் கொண்டுவந்தது. டச்சுப் பொருளாதார அறிஞர் கொய்க் 1954இல் காட்டிய வழியைப் பின்பற்றி, சமன்பாட்டில் சென்ற ஆண்டு விற்பனையையும் ஒரு காரணியாகச் சேர்த்தார். பழைய விளம்பரங்களின் பலன் எல்லாம் சென்ற ஆண்டு விற்பனைக்குள் அடங்கியிருப்பதால், அந்த ஒரே எண்ணைச் சேர்த்தால் போதும், ஒவ்வொரு பழைய ஆண்டையும் தனியே சேர்க்க வேண்டியதில்லை. அப்படிச் சேர்த்ததும் இவ்வாண்டு விளம்பரத்தின் உடனடிப் பங்கு 1.435ஐவிட வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மீதிப் பலன் வரும் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தேய்ந்து வருகிறது.

இப்போது அந்த 51 சென்ட்டுக்கு வருவோம். விளம்பரம் விற்பனையைக் கூட்டியது என்றே இதுவரை பேசினோம். திசை எதிராகவும் இருக்கலாம். பெரும்பாலான வியாபாரங்களில் விளம்பர பட்ஜெட் வானத்திலிருந்து விழுவதில்லை. விற்பனை நன்றாக இருந்தால் கூட்டுகிறார்கள், மந்தமானால் வெட்டுகிறார்கள். விற்பனையில் இத்தனை சதவீதம் விளம்பரத்துக்கு என்று ஒதுக்குவது அன்றும் இன்றும் உள்ள பழக்கம்.

அதைச் சோதிக்க, சூத்திரத்தில் பத்திகளை இடம் மாற்றி, விற்பனையிலிருந்து விளம்பரத்தைக் கணிக்கும் கோட்டைப் போட்டுப் பார்க்கலாம். கிடைப்பது இது:

விளம்பரம் = 28 + 0.4955 × விற்பனை

28 என்பது இந்த அளவுகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது, விற்பனையில் பாதி விளம்பரத்துக்கு என்ற விதி. கல்லாவிலிருந்து பாதியை எடுத்து வைக்கும் முதலாளியின் கணக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. இந்தக் கோட்டுக்கும் ஆர் ஸ்கொயர் அதே 0.711தான். இரண்டு சாய்வுகளையும், 1.435ஐயும் 0.4955ஐயும் பெருக்கினாலும் வருவது அதே 0.711. பொருத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. விளம்பரத்தால் ஒரு பாட்டில்கூடக் கூடுதலாக விற்காமல், விற்பனையில் பாதியை விளம்பரத்துக்கு ஒதுக்கும் வழக்கம் மட்டுமே இருந்திருந்தாலும், முதல் சமன்பாட்டைப் போன்ற ஒன்று நம் கையில் கிடைத்திருக்கும். பிங்கம் கம்பெனியில் இரண்டு திசையும் கலந்தே இருந்திருக்கின்றன என்பதுதான் நியாயமான வாசிப்பு. 1934–36 வெட்டு அதனாலேயே விலைமதிப்பற்றது. ஒதுக்கும் விகிதம் 85 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்கு விழுந்த அந்த இரண்டு ஆண்டில், பாதி என்ற பழக்கம் உடைந்துபோயிருந்தது.

பழக்கம் தானாக உடையக் காத்திருக்காமல், வேண்டுமென்றே உடைத்துப் பார்த்த கம்பெனி ஒன்று பின்னாளில் வந்தது. இணைய வணிகத் தளமான ஈபே, தேடுபொறிகளில் விளம்பரத்துக்கு ஏராளமாகச் செலவிட்டுக்கொண்டிருந்தது. 2012இல் அதன் பொருளாதார ஆய்வாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் அமெரிக்காவின் சில பகுதிகளைச் சீட்டுக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து அங்கே தேடல் விளம்பரங்களை நிறுத்தினார்கள். மற்றப் பகுதிகளில் எப்போதும் போல ஓடின. எங்கே நிறுத்துவது என்பதை விற்பனை தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. ஆகவே விற்பனை விளம்பரத்தை இழுக்கும் எதிர்த்திசை அறுந்துபோயிற்று.

2015இல் எகனோமெட்ரிகா இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு விடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. செலவையும் விற்பனையையும் வைத்து வழக்கம்போல் போட்ட எளிய தொடர்புப் போக்குக் கோடு, போட்ட பணத்துக்கு 4,000 சதவீதத்துக்கு மேல் லாபம் என்றது. குலுக்கல் சோதனை 63 சதவீத நஷ்டம் என்றது. ஈபேயில் அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள் விளம்பரம் இல்லாவிட்டாலும் தேடிக்கொண்டு நேரே வந்துவிட்டார்கள். வாங்கத் தயாராக இருப்பவர்கள்தான் தேடுகிறார்கள், தேடுகிறவர்கள் விளம்பரத்தைச் சொடுக்குகிறார்கள், ஒவ்வொரு சொடுக்குக்கும் ஈபே காசு கொடுக்கிறது. விற்பனை கூடும் நாளில் விளம்பரச் செலவும் கூடியது அதனால்தான். ஈபேயில் இதுவரை வாங்கியிராத புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் மட்டும் விளம்பரத்தின் விளைவு தெரிந்தது.